சாங்கியில் 14 மணி நேரம்

திருச்சி விமான நிலையத்தில் நள்ளிரவு நேரச் செக்-இன் வரிசை. சிங்கப்பூர் விமானத்துக்காக நிற்கிறவர்களில் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் பெர்த் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும் அம்மா. இன்னொருவர் நண்பர்களோடு பாலித் தீவுக்குச் சுற்றுலா போகும் இளைஞர். இருவரும் காலை 7 மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, இரவு 9 மணிக்கு அடுத்த விமானம் ஏற வேண்டும். இருவரிடமும் ஆளுக்கொரு பெரிய பெட்டி இருக்கிறது. சிங்கப்பூர் விசா இருவரிடமும் இல்லை.

கவுன்ட்டரில் அம்மாவுக்கு இரண்டு போர்டிங் பாஸ் கிடைக்கிறது. பெட்டி பெல்ட்டில் போய்விடுகிறது. இளைஞரிடம் "சிங்கப்பூர் விசா எங்கே?" என்று கேட்கிறார்கள். தான் சிங்கப்பூருக்குப் போகவில்லை, அங்கே விமானம் மாறத்தான் போகிறேன் என்கிறார் அவர். பாலியில் இறங்கியதும் இந்தியர்களுக்கு விசா கொடுத்துவிடுவார்கள் என்பதால் விசா என்ற பேச்சே அவர் மனதில் இருந்ததில்லை. ஆனாலும் அவரை விமானத்தில் ஏற்ற மறுக்கிறார்கள்.

கற்பனைப் பயணிகள்தான் என்றாலும், இதே காரணத்தால் கவுன்ட்டரோடு திரும்ப நேர்வது உண்மையில் நடக்கிற ஒன்று. இருவருக்கும் ஒரே பாஸ்போர்ட், ஒரே விமானம், ஒரே காத்திருப்பு. வேறுபாடு டிக்கெட்டில் இருக்கிறது. அம்மாவின் மகன் திருச்சியிலிருந்து பெர்த் வரை ஒரே முன்பதிவாக வாங்கியிருக்கிறார். இளைஞரோ திருச்சி–சிங்கப்பூர் ஒரு நிறுவனத்திலும், சிங்கப்பூர்–பாலி வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியே வாங்கியிருக்கிறார். சில ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும். அந்தச் சேமிப்புக்குள் ஒளிந்திருந்த செலவைத்தான் கவுன்ட்டரில் சந்தித்தார்.

நீண்ட டிரான்சிட் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது விசா வேண்டுமா என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது பெட்டி எதுவரை போகும் என்பது. பெட்டி எதுவரை போகும் என்பதை டிக்கெட் தீர்மானிக்கிறது. விசா தேவையா என்பதைப் பெரும்பாலும் பெட்டி தீர்மானிக்கிறது.

ஒரே முன்பதிவில் இரண்டு விமானங்கள் இருந்தால், பொதுவாகப் பெட்டியை முதல் ஊரிலேயே கடைசி ஊர்வரை அனுப்பிவிடுவார்கள். நடுவில் அதை ஒரு விமானத்திலிருந்து இறக்கி மறு விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் நிறுவனத்தின் பொறுப்பு சிங்கப்பூரில் முடிந்துவிடுகிறது. பெட்டி சாங்கியின் பெல்ட்டில் வந்து சுற்றும். அந்த பெல்ட் குடிநுழைவுச் சோதனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் சட்டப்படி சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும். நுழைய இந்தியர்களுக்கு விசா வேண்டும். விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் திருப்பி அழைத்துப் போகும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். திருச்சி கவுன்ட்டரில் நிற்கும் ஊழியர் அவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தன்னுடையது ஒரே டிக்கெட்டா, இரண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மின்னஞ்சலில் வந்த சீட்டில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த முன்பதிவு எண் இருக்கும். இரண்டு பயணத்துக்கும் வேறு வேறு எண் இருந்தால் எச்சரிக்கையாக வேண்டும். இடைத்தரகு இணையதளங்களில் இன்னும் கவனம் தேவை. ஒரே பக்கத்தில், ஒரே கட்டணத்தில், ஒரே பயணம்போலக் காட்டிவிட்டு, ஓரமாகச் சின்ன எழுத்தில் "self transfer" என்று போட்டிருப்பார்கள். பெட்டியை நீங்களே எடுத்து, நீங்களே மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதற்கான அறிவிப்பு அது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் இடம் தேடித் தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டு.

கவுன்ட்டரை விட்டு நகருவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் நீளமான டேக்கின் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதில் பெட்டி போய்ச் சேரும் ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு பெரிதாக அச்சாகியிருக்கும். பெர்த் போகும் அம்மாவின் டேக்கில் PER என்று இருக்க வேண்டும். SIN என்பது இடையில் மாறும் ஊராக மட்டும் வரவேண்டும். SIN என்பதே கடைசி ஊராக அச்சாகியிருந்தால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும். அதைத் திருச்சியிலேயே கேட்டுத் திருத்திவிடலாம். சாங்கியில் போய்க் கண்டுபிடித்தால், டிரான்சிட் உதவி மேசையில் துண்டைக் காட்டி, நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்து, நேரம் இருந்தால் மட்டுமே சரிசெய்ய முடியும்.

இடைவெளி 24 மணி நேரத்தைத் தாண்டினால் கணக்கு மாறிவிடும். அதைப் பொதுவாக டிரான்சிட்டாக எடுத்துக்கொள்வதில்லை, ஊரில் தங்கிப் போவதாகவே வைத்துக்கொள்கிறார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பெட்டியைச் சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

பெட்டி நேராகப் பெர்த் போய்விட்டது, கையில் இரண்டாவது போர்டிங் பாஸும் இருக்கிறது என்றால் அம்மாவுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை. அவர் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டாமல் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே 14 மணி நேரமும் இருக்கலாம். சாங்கியின் 1, 2, 3 ஆம் முனையங்களை ஸ்கைட்ரெய்ன் என்ற குட்டி ரயில் இணைக்கிறது. 2017இல் திறந்த 4 ஆம் முனையம் கொஞ்சம் தள்ளி இருப்பதால் அங்கே போக டிரான்சிட் பயணிகளுக்கெனப் பேருந்து ஓடுகிறது. எங்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை, பாஸ்போர்ட்டில் முத்திரையும் விழாது.

வெளியே போய் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால்? இந்தியப் பயணிகளில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால அனுமதியோ வைத்திருக்கும் இந்தியர், மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ, விசா இல்லாமல் 96 மணி நேரம்வரை சிங்கப்பூரில் இருக்கலாம். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளிலிருந்து அந்த விசாவுக்கு இன்னும் ஒரு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்புவதற்கு உறுதியான டிக்கெட்டும் வேண்டும். 96 மணி நேரத்தை நீட்டிக்க முடியாது. கடைசி முடிவு குடிநுழைவு அதிகாரியின் கையில்.

பெர்த் போகும் அம்மாவிடம் ஆஸ்திரேலிய விசா இருப்பதால் அவர் இதற்குள் வருகிறார். ஆனால் ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரப்படுவதில்லை, மின்னஞ்சலில் கடிதமாக வருகிறது. அந்தக் கடிதத்தை அச்சடித்துக் கையில் வைத்திருப்பது நல்லது. தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோனால் அதிகாரியிடம் காட்ட வேறு எதுவும் இருக்காது. உள்ளே நுழைகிற எல்லோரையும்போல அவரும் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தைச் சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. டிரான்சிட் பகுதியை விட்டு வெளியே வராதவர்களுக்கு இந்தப் படிவமே வேண்டாம்.

பாலி போகும் இளைஞருக்கு இந்த வாசல் திறக்காது. இந்தோனேசிய விசா அந்த எட்டில் இல்லை. பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ எடுத்த பழைய விசா இன்னும் உயிரோடு இருந்தால் தப்பித்திருப்பார். அது இல்லாதபோது அவருக்கு மூன்று வழிகள் இருந்தன. திருச்சி–பாலி முழுவதையும் ஒரே முன்பதிவாக வாங்கியிருக்கலாம். அல்லது அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக முன்கூட்டியே சிங்கப்பூர் விசா எடுத்திருக்கலாம்; அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி, முகவரின் கூலி தனி. சாங்கியில் இறங்கி அங்கே விசா வாங்கலாம் என்ற நம்பிக்கையில் கிளம்பக் கூடாது. மூன்றாவது வழி, பெரிய பெட்டியே கொண்டுபோகாமல் கைப்பையோடு கிளம்புவது. இரண்டாவது விமானத்துக்கு இணையத்தில் செக்-இன் செய்து போர்டிங் பாஸை எடுத்து வைத்திருந்தால் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இதற்கு இரண்டு தடை வரலாம். குறைந்த கட்டண விமானங்கள் கைப்பைக்கு 7 கிலோவோ 10 கிலோவோதான் தருகின்றன. மேலும் சில நிறுவனங்கள், பாஸ்போர்ட்டை நேரில் பார்த்த பிறகே போர்டிங் பாஸ் தருவோம் என்று இணையச் செக்-இன்னையே மூடிவைத்திருக்கும். டிரான்சிட் பகுதியில் அந்த நிறுவனத்துக்கு மேசை இருக்கிறதா என்று டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குறுகிய காலம் தங்க அவர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டாம். இரண்டு டிக்கெட்டோடு வந்தாலும் வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கலாம். ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட், ஒருவர் இலங்கைக் கடவுச்சீட்டு என்று பயணம் செய்யும்போது, ஒருவருக்கு நடந்தது மற்றவருக்கும் நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி ஓய்வுக்கு வருவோம். காலை 7 மணிக்கு இறங்கும் அம்மாவுக்கு உடலின் கணக்கில் அது இன்னும் அதிகாலை நாலரை மணி. இரவு முழுக்கச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். எனவே அவருக்கு முதல் தேவை தோட்டமும் கடையும் அல்ல, படுக்க ஓர் இடம். காசு செலவழிக்க மனமிருந்தால் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இருக்கும் ஹோட்டல்களில் அறை எடுக்கலாம். நாள் வாடகைக்குப் பதிலாக, வழக்கமாக ஆறு மணி நேரம் என்ற கணக்கில் கொடுப்பார்கள். காலையில் வரிசையாக விமானங்கள் இறங்கும் நேரத்தில் அறை கிடைப்பது கடினம் என்பதால் ஊரிலிருந்தே முன்பதிவு செய்துவிட வேண்டும்.

அப்படிச் செய்யும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் "சாங்கி விமான நிலைய ஹோட்டல்" என்று தேடினால் ஜுவல் கட்டடத்தில் இருக்கும் யோட்டெல்ஏர், 3 ஆம் முனையத்தை ஒட்டியிருக்கும் கிரவுன் பிளாசா ஆகியவையும் வரும். இரண்டும் விமான நிலைய வளாகத்தில்தான் இருக்கின்றன, ஆனால் குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே. விசாவும் இல்லாமல், 96 மணி நேரச் சலுகையும் இல்லாமல் அங்கே அறை எடுத்தவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முன்பதிவுப் பக்கத்தில் டிரான்சிட் பகுதிக்குள் இருக்கிறதா என்ற ஒரு வரியைத் தேடிப் படித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

அறை வேண்டாம் என்பவர்களுக்கும் சாங்கி தாராளமாகவே இடம் தருகிறது. கால்நீட்டிச் சாய்ந்து படுக்கும் இருக்கைகள் போட்ட ஓய்வுப் பகுதிகள் முனையங்களில் உண்டு, கட்டணம் கிடையாது. காலை விமானங்களின் கூட்டம் கலைந்த பிறகு இடம் எளிதாகக் கிடைக்கும். குளிர்சாதனம் பலமாக இருக்கும் என்பதால் வயதானவர்கள் ஒரு சால்வையும் காலுறையும் கைப்பையில் வைத்திருப்பது அவசியம். பெரிய பெட்டி பெர்த் போய்ச் சேரும்வரை கைக்குக் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், இன்சுலின், ஒரு மாற்று உடை, பல் துலக்கும் பொருள்கள் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். மாத்திரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு 14 மணி நேரம் தவிக்கும் முதியவர்களின் கஷ்டம் ஒரு சின்ன டப்பாவால் தீர்ந்துவிடக் கூடியது.

தூங்கி எழுந்தபின் 3 ஆம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும் இருக்கின்றன. ஜுவலுக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், 2019இல் திறந்தது. ஜுவல் வெளிப்பகுதியில் இருந்தாலும், 2 ஆம் முனையத்துக்கும் 3 ஆம் முனையத்துக்கும் நடுவில் ஓடும் ஸ்கைட்ரெய்ன் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்துதான் போகிறது. விசா இல்லாதவரும் ரயிலின் கண்ணாடி வழியே அருவியைப் பார்த்துவிடலாம். நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் ரயில் ஓடாது.

சாங்கிக்கே உரிய ஒரு ஏற்பாடு புதியவர்களைக் குழப்பும். மற்ற பல விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை நுழைந்தவுடனே முடிந்துவிடும். சாங்கியின் 1, 2, 3 ஆம் முனையங்களில் அது விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கிறது. ஆகவே குடிநீர்க் குழாயில் பிடித்து வைத்த பாட்டில் தண்ணீரை வாசலுக்குப் போகும் முன் குடித்துவிட வேண்டும். வாசலிலும் வரிசை நிற்கும் என்பதால் போர்டிங் நேரத்துக்குக் கடைசி நிமிடத்தில் ஓடிப்போகக் கூடாது. 100 மில்லிக்கு மேற்பட்ட எந்தத் திரவமும் அங்கே பிடிபடும். ஊரிலிருந்து கைப்பையில் வைத்துக் கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலும் இதில் அடக்கம். வழியில் வரியில்லாக் கடையில் வாங்கிய திரவமாக இருந்தால், கடைக்காரர் மூடித் தந்த முத்திரைப் பையைப் பிரிக்காமல் ரசீதோடு வைத்திருக்க வேண்டும்.

வெளியே போகத் தகுதி உள்ளவருக்கு 14 மணி நேரம் தாராளம். தூங்கி எழுந்து நண்பகலில் கிளம்பினாலும், மாலை 6 மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கையில் ஆறு மணி நேரம் இருக்கிறது. அதில் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு விமான நிலையமே இரண்டரை மணி நேர இலவசச் சுற்றுலா நடத்துகிறது. இடைவெளி குறைந்தது ஐந்தரை மணி நேரமும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஆனால் இந்தச் சுற்றுலாவும் சிங்கப்பூருக்குள் நுழைவதுதான். விசா விதி அப்படியே பொருந்தும். கைப்பை கனமாக இருந்தால் கட்டணம் கட்டிப் பைக் காப்பகத்தில் விட்டுவிடலாம்.

வெளியே போகும்போது கைப்பையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்கும் மின்சிகரெட்டுக்கும் தடை, வைத்திருப்பதே குற்றம். சூயிங்கம் கொண்டுவரவும் கூடாது. சிகரெட்டுக்கு வரி விலக்கு கிடையாது, ஒரு பாக்கெட்டானாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

திரும்பி வரும் பயணத்தில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. மகன் வீட்டில் ஆசை தீர இருந்துவிட்டு அம்மா ஊர் திரும்பும்போது, அவருடைய ஆஸ்திரேலிய விசாவில் பத்து நாள்தான் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் ஆயுள் வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாததால், போகும்போது கிடைத்த 96 மணி நேரச் சலுகையை வரும்போதும் நம்பியிருக்க முடியாது. டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இருக்கத் திட்டமிடுவதுதான் அவருக்குப் பத்திரம். அடுத்தது பெட்டி. நேராகத் திருச்சிக்கு வந்தால் பிரச்சினை இல்லை. டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானத்தில் மாறி வருவதானால், டேக்கில் TRZ என்று அச்சாகியிருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி மறுபடி ஒப்படைக்கச் சொல்வதுதான் பொதுவான வழக்கம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் முதல் ஊரில் இதே நடைமுறை உண்டு. டேக்கை நம்பி பெல்ட்டைப் பார்க்காமல் போய்விட்டால் பெட்டி அங்கேயே தங்கிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெட்டி வராமல் போகலாம். டிரான்சிட் பயணங்களில் அது நேரக்கூடியதுதான். அப்போது பெல்ட் பகுதியை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள பெட்டி உதவி மேசையில் டேக் துண்டைக் காட்டிப் புகார் எழுதிக்கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா உட்படப் பெரும்பாலான நாடுகள் ஏற்றுள்ள மான்ட்ரீல் உடன்படிக்கைப்படி, உடைந்து வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். 21 நாள் ஆகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். இடைப்பட்ட நாள்களில் அவசரத்துக்கு வாங்கிய உடை, சோப்பு, மாத்திரை ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால் அந்தச் செலவையும் கேட்க முடியும். தனித்தனி டிக்கெட்டில் வந்தவர் புகாரை எந்த நிறுவனத்திடம் கொடுப்பது? பெட்டி எந்த விமானத்திலிருந்து இறங்கி பெல்ட்டுக்கு வரவில்லையோ, அந்த நிறுவனத்திடம்.